"அதெல்லாம் ஒண்ணுமில்ல"ன்னு டைப் பண்றதுக்கு முன்னாடி

போன செமஸ்டர்ல எங்க டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்காக செகண்ட் இயர் பசங்களுக்கு ஒரு வொர்க்‌ஷாப் எடுத்தேன். ரெண்டு மணி நேரம், பிரெட்போர்டு, ஒரு அல்ட்ராசோனிக் சென்சார், ஒரு பஸ்ஸர், அவ்வளவுதான். மறுநாள் காலையில ஒரு தெரியாத நம்பர்ல இருந்து வாட்ஸ்அப் மெசேஜ்.

"குட் மார்னிங் அண்ணா. செகண்ட் இயர் இசிஇ. நேத்து மல்டிமீட்டர்ல பீப் சவுண்ட் வெச்சு லூஸ் கனெக்‌ஷன் எப்படி கண்டுபிடிக்கிறதுன்னு காட்டினீங்கள்ல, அது ரொம்ப நல்லா புரிஞ்சுது. லேப்ல இதை யார்கிட்டயாவது கேட்கணும்னு இருந்தேன், பயமா இருந்துச்சு. ரொம்ப தேங்க்ஸ் அண்ணா."

படிச்சதும் எனக்கு ஒரே சந்தோஷம். ஆனா விரல் என்ன டைப் பண்ணுச்சு தெரியுமா?

"ஐயோ தம்பி, அதெல்லாம் ஒண்ணுமே இல்ல. நான் பாதி தப்பாத்தான் சொன்னேன். யூடியூப்ல பாத்தா இதைவிட நல்லா இருக்கும்."

அந்தப் பக்கத்துல இருந்து "ஓகே அண்ணா"ன்னு ஒரு பதில். அதோட முடிஞ்சுது. நானும் தன்னடக்கமா பேசிட்டேன்னு நினைச்சு வேலையைப் பார்க்கப் போயிட்டேன்.

ரெண்டு வாரம் கழிச்சு லேப் வாசல்ல அந்தத் தம்பியை நேர்ல பார்த்தேன். தயங்கித் தயங்கி கேட்டான். "அண்ணா, நீங்க சொன்னதுல எது எது தப்பு? மெசேஜ்ல பாதி தப்புன்னு சொன்னீங்கள்ல. பவர் ஆஃப் பண்ணிட்டுத்தான் அந்த பீப் டெஸ்ட் பண்ணணும்னு சொன்னீங்க, அது சரியா தப்பா?" அவன் நோட்டைக் காட்டினான். வொர்க்‌ஷாப்ல எழுதின ரெண்டு பக்கத்துலயும் ஓரத்துல பென்சிலால கேள்விக்குறி போட்டு வெச்சிருந்தான்.

நான் சொன்னதுல எதுவுமே தப்பு இல்ல. பவர் இருக்கும்போது கன்டினியூட்டி டெஸ்ட் பண்ணக்கூடாதுங்கறது ரொம்ப அடிப்படையான விஷயம். மீட்டர் தப்பா காட்டும், சில சமயம் மீட்டரே போயிடும். ஆனா என்னோட பொய்யான பணிவால ஒருத்தன் ரெண்டு வாரம் சரியான விஷயத்தை சந்தேகப்பட்டுக்கிட்டு இருந்திருக்கான். அன்னைக்குத்தான் ஒரு பாராட்டுக்கு எப்படி பதில் எழுதறதுன்னு உட்கார்ந்து யோசிச்சேன். கொஞ்சம் படிச்சும் பார்த்தேன். அதைத்தான் இங்க எழுதறேன்.

ஏன் நம்ம மூளை தடுமாறுது?

அமெரிக்காவைச் சேர்ந்த அனிதா பொமரான்ட்ஸ் என்ற ஆய்வாளர் 1978-ல இதைப் பத்தி ஒரு கட்டுரை எழுதியிருக்காங்க. மக்கள் சாதாரணமா பேசிக்கிற உரையாடல்களை எடுத்து, யாராவது பாராட்டினா எதிராளி என்ன பதில் சொல்றாங்கன்னு பார்த்தாங்க. அவங்க சொன்ன விஷயம் ரொம்ப எளிமையானது. பாராட்டு வந்த உடனே நம்ம மேல ரெண்டு கட்டாயம் ஒரே நேரத்துல விழுது.

முதல் கட்டாயம், எதிராளி சொல்றதை ஒத்துக்கணும். ஒருத்தர் ஒரு கருத்து சொன்னா அதை மறுக்கிறது மரியாதை இல்ல. ரெண்டாவது கட்டாயம், நம்மளை நாமே புகழ்ந்துக்கக் கூடாது. "நீ நல்லா பண்ணினே"ன்னு ஒருத்தர் சொன்னா, ஒத்துக்கிட்டா ரெண்டாவது விதி உடையுது, மறுத்தா முதல் விதி உடையுது. ரெண்டையும் முழுசா காப்பாத்த முடியாது. நம்ம தடுமாறுறது கூச்ச சுபாவத்தால மட்டும் இல்ல, இந்த இழுபறியாலயும்தான்.

அவங்க கவனிச்ச இன்னொரு விஷயம்தான் நமக்கு வேணும். மக்கள் பெரும்பாலும் இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு வழி கண்டுபிடிக்கிறாங்க. ஒண்ணு, பாராட்டோட அளவைக் கொஞ்சம் குறைச்சு ஒத்துக்கிறாங்க. "சூப்பர்"னு சொன்னா "ஆமா, ஓரளவுக்கு நல்லா வந்துச்சு"ன்னு சொல்றது மாதிரி. இன்னொண்ணு, பாராட்டைத் தன்கிட்ட இருந்து வேற இடத்துக்கு நகர்த்துறாங்க. "சட்டை நல்லா இருக்கு"ன்னா "அக்கா எடுத்துக் கொடுத்தது"ன்னு சொல்றோமே, அதுதான். பாராட்டை மறுக்கவும் இல்ல, தன் தலையில கிரீடமா வெச்சுக்கவும் இல்ல.

நம்ம ஊர்ல இதுக்கு மேல இன்னொரு பாரமும் இருக்கு. "ரொம்ப பேசாதே, கண்ணு பட்டுடும்"னு கேட்டு வளர்ந்தவங்க நாம. மார்க் நல்லா வந்தா கூட பக்கத்து வீட்ல "ஏதோ பாஸ் பண்ணியிருக்கான்"னுதான் அம்மா சொல்லுவாங்க. அதனால பாராட்டைக் கீழ தள்ளுறது நமக்கு ஒரு அனிச்சைச் செயல் மாதிரி ஆயிடுச்சு.

இது நம்ம ரத்தத்துலயே ஊறினது, மாத்த முடியாதுன்னு நினைக்க வேண்டாம். சீனாவுல சியான் நகரத்துல கல்லூரி மாணவர்கள் பாராட்டுக்கு எப்படி பதில் சொல்றாங்கன்னு ரோங் சென் என்பவர் ஆராய்ஞ்சு 1993-ல கட்டுரை வெளியிட்டார். பெரும்பாலான பதில்கள் மறுப்புதான். அவரும் இன்னொருத்தரும் சேர்ந்து அதே ஊர்ல திரும்ப ஆராய்ஞ்சு 2010-ல வெளியிட்டப்போ, பெரும்பாலானவங்க பாராட்டை ஏத்துக்கிட்டாங்க. அதே ஊர், அதே மாதிரி மாணவர்கள். பழக்கம்தான் மாறியிருக்கு.

மெசேஜ்ல ஏன் இது இன்னும் கஷ்டம்?

நேர்ல "அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா"ன்னு சொல்லும்போது நம்ம முகம் சிரிக்கும். தலை லேசா ஆடும். குரல்ல சந்தோஷம் தெரியும். எதிராளிக்கு "சும்மா சொல்றான், உள்ளுக்குள்ள சந்தோஷம்தான்"னு புரிஞ்சிடும். வார்த்தை மறுக்கும், முகம் ஏத்துக்கும்.

மெசேஜ்ல முகம் கிடையாது, வார்த்தை மட்டும்தான் போய்ச் சேரும். "பாதி தப்பு"ன்னு எழுதினா பாதி தப்புன்னுதான் அர்த்தம். என் தம்பிக்கு நடந்தது அதுதான். அதோட அந்த வார்த்தை அங்கேயே கிடக்கும். ரெண்டு வாரம் கழிச்சும் ஸ்க்ரோல் பண்ணி மறுபடி படிக்கலாம். நேர்ல சொன்னது காத்தோட போயிடும், டைப் பண்ணினது போகாது.

ஆனா மெசேஜ்ல ஒரு வசதியும் இருக்கு. நேர்ல ஒரு செகண்டுக்குள்ள பதில் சொல்லியாகணும். மெசேஜ்ல அஞ்சு நிமிஷம் எடுத்துக்கலாம், யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. அந்த அஞ்சு நிமிஷத்துல என்ன பண்ணலாம்னு இப்போ பார்ப்போம்.

அந்த மெசேஜையே திரும்ப எழுதிப் பார்ப்போம்

தம்பியோட மெசேஜை மறுபடி படிங்க. அவன் "வொர்க்‌ஷாப் சூப்பர்"னு பொதுவா சொல்லல. மூணு விஷயம் சொல்லியிருக்கான். மல்டிமீட்டர் பகுதி புரிஞ்சுது. அதை முன்னாடியே கேட்கணும்னு நினைச்சான். கேட்க பயமா இருந்துச்சு. இதுல மூணாவது விஷயம்தான் அவன் எனக்குக் கொடுத்தது. தெரியாத சீனியர்கிட்ட "எனக்கு பயமா இருந்துச்சு"ன்னு எழுதறது சுலபம் இல்ல. என்னோட பதில் அதைக் கண்டுக்கவே இல்ல.

முதல் முயற்சி: "நன்றி தம்பி."

தப்பு இல்ல. பாராட்டை மறுக்கல, பெருமையும் அடிக்கல. ஆனா இது ஒரு மூடின கதவு. அஞ்சு வரி எழுதினவனுக்கு ரெண்டு வார்த்தை. அதுவும் பேச்சுவழக்குல நாம அதிகம் "நன்றி" சொல்றதில்ல, மேடையிலயும் அழைப்பிதழ்லயும்தான் வரும். தம்பி, அண்ணான்னு பேசிக்கிற இடத்துல தனியா நிக்கிற "நன்றி" கொஞ்சம் விலகி நிக்கிற மாதிரி இருக்கும்.

ரெண்டாவது முயற்சி: "ஆமா தம்பி, அந்த பார்ட் எல்லாருக்குமே பிடிச்சுது. போன வருஷமும் நான்தான் எடுத்தேன், அப்பவும் இதையேதான் சொன்னாங்க."

இதுல பொய் எதுவும் இல்லன்னே வெச்சுக்குவோம். ஆனாலும் இது பெருமைதான். ஏன்? அவன் ஒரு பாராட்டு கொடுத்தான், நான் அது கூட இன்னும் ரெண்டு சேர்த்துக்கிட்டேன். அவன் சொன்ன அளவைவிட என் பதில்ல என் புகழ் அதிகமா இருக்கு. அதுக்கும் மேல, அவனைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. எல்லாருக்கும் பிடிச்சதுன்னு சொன்ன உடனே அவன் அந்த "எல்லாரும்"ல ஒருத்தன் ஆயிட்டான். பெருமையைக் கண்டுபிடிக்க இதுதான் எனக்குத் தெரிஞ்ச நல்ல சோதனை. வந்த பாராட்டைவிட பதில்ல இருக்கிற பாராட்டு பெருசா இருக்கா?

மூணாவது முயற்சி: "ரொம்ப சந்தோஷம் தம்பி. அந்த பீப் டெஸ்ட் எனக்கும் செகண்ட் இயர்ல தெரியாது, நம்ம லேப் அண்ணாதான் ஒருநாள் நின்னு காட்டிக்கொடுத்தாரு. அதனாலதான் அதுக்கு மட்டும் இருபது நிமிஷம் ஒதுக்கினேன். கேட்க பயமா இருந்துச்சுன்னு சொன்னது புரியுது, நானும் அப்படித்தான் இருந்தேன். இப்போ என்ன சர்க்யூட் பண்ணிட்டிருக்கே?"

இதை ஒவ்வொரு வரியா பிரிச்சுப் பார்ப்போம்.

"ரொம்ப சந்தோஷம் தம்பி." இது ஏத்துக்கிறது. நான் பெரிய ஆளுன்னு ஒத்துக்கல, உன் மெசேஜ் எனக்கு சந்தோஷம் கொடுத்துச்சுன்னு ஒத்துக்கிட்டேன். பொமரான்ட்ஸ் சொன்ன இழுபறிக்கு தமிழ்ல இந்த ஒரு வார்த்தை பெரிய உதவி. "சந்தோஷம்"னு சொல்லும்போது நம்ம திறமையைப் பத்தி எந்தத் தீர்ப்பும் சொல்லல. அவங்க சொன்னதை மறுக்கவும் இல்ல. ரெண்டு விதியும் உடையல.

"லேப் அண்ணாதான் காட்டிக்கொடுத்தாரு." இது பாராட்டை நகர்த்துறது. இங்க ஒரு எச்சரிக்கை. இந்த நகர்த்தல் உண்மையா இருக்கணும், குறிப்பா இருக்கணும். "எல்லாம் டீம் வொர்க்", "எல்லாம் கடவுள் செயல்"னு எழுதினா அது யாருக்கும் போய்ச் சேராது, விருது வாங்குற மேடைப் பேச்சு மாதிரி ஆயிடும். யார், என்ன செஞ்சாங்கன்னு சொன்னாத்தான் அது பகிர்தல். இன்னொரு லாபமும் உண்டு. லேப்ல யார்கிட்ட தைரியமா கேட்கலாம்னு அந்தத் தம்பிக்கு இப்போ தெரிஞ்சுபோச்சு.

"அதனாலதான் இருபது நிமிஷம் ஒதுக்கினேன்." இந்த வரியை நான் எழுதலாமா வேண்டாமான்னு யோசிச்சேன். இது நான் செஞ்ச வேலை. யோசிச்சுத்தான் செஞ்சேன். அதை மறைக்க வேண்டியதில்ல. "சும்மா ஏதோ பண்ணேன்"னு எழுதினா அது பொய். செஞ்சதைப் பத்தி ஒரு தகவல் சொல்றது பெருமை ஆகாது. அதுக்கு நாமே ஒரு மதிப்பெண் போட்டுக்கிறதுதான் பெருமை. "இருபது நிமிஷம் ஒதுக்கினேன்" தகவல். "அருமையா பிளான் பண்ணினேன்" மதிப்பெண்.

"நானும் அப்படித்தான் இருந்தேன்." அவன் தன் பயத்தைச் சொன்னான், நான் என் பயத்தைச் சொன்னேன். சமம் ஆயிடுச்சு.

"இப்போ என்ன சர்க்யூட் பண்ணிட்டிருக்கே?" பந்து திரும்ப அவன்கிட்ட. பேச்சு என்னைப் பத்தி ஆரம்பிச்சுது, அவனைப் பத்தி முடியுது. இந்தக் கேள்வி சும்மா மரியாதைக்குக் கேட்டதா இருக்கக்கூடாது, அவன் பதில் சொன்னா படிக்கிறதுக்கு நேரம் இருந்தா மட்டும் கேளுங்க. நேரம் இல்லன்னா முந்தின வரியோட நிறுத்திடலாம், அதுவே போதும்.

ஆக மொத்தம் நாலு காரியம். ஏத்துக்கிறது, ஒரு உண்மைத் தகவல் சொல்றது, சேர வேண்டியவங்களுக்குச் சேர்க்கிறது, பந்தைத் திருப்பிக் கொடுக்கிறது. எல்லா பதில்லயும் நாலும் வேணும்னு இல்ல. முதல்ல உள்ளது மட்டும் கட்டாயம். வந்த மெசேஜ் ஒரு வரின்னா பதிலும் ஒண்ணு ரெண்டு வரி இருந்தா போதும். "சூப்பர் மச்சி"ன்னு வந்தா "தேங்க்ஸ் மச்சி, நீ வந்து முன்னாடி உட்கார்ந்ததே தைரியமா இருந்துச்சு"ன்னு முடிச்சிடலாம்.

ஆளுக்கு ஏத்த மாதிரி

இதே பதிலை எல்லாருக்கும் அனுப்ப முடியாது.

கைடு சார்கிட்ட இருந்து "குட் ஒர்க்"னு மெசேஜ் வருதுன்னு வெச்சுக்குவோம். அவர்கிட்ட பந்தைக் கேள்வியா திருப்ப முடியாது, "நீங்க எப்படி இருக்கீங்க சார்"னு கேட்டா நல்லா இருக்காது. இங்க நகர்த்தல்தான் முக்கியம். ஆனா "எல்லாம் உங்க ஆசீர்வாதம் சார்"னு எழுதறதைவிட அவர் உண்மையில என்ன செஞ்சாருன்னு எழுதுங்க. எங்க புராஜெக்ட்ல ரெண்டாவது ரிவ்யூ அப்போ சென்சார் ரீடிங் ஏன் குதிக்குதுன்னு கைடு கேட்டார். அந்தக் கேள்விக்கு அப்புறம்தான் சென்சாரோட பவர் பின் பக்கத்துல ஒரு கெபாசிட்டர் சேர்த்தோம், ரீடிங் நின்னுச்சு. அதனால நான் எழுதினது இதுதான்: "ரொம்ப நன்றி சார். ரெண்டாவது ரிவ்யூல நீங்க நாய்ஸ் பத்திக் கேட்டதுக்கு அப்புறம்தான் கெபாசிட்டர் சேர்த்தோம் சார், அதுல இருந்துதான் ரீடிங் நிலையா வந்துச்சு. ரிப்போர்ட் திங்கட்கிழமை கொண்டு வரோம் சார்." இங்க "நன்றி" பொருத்தமா இருக்கு. கேள்விக்குப் பதிலா அடுத்த வேலையைப் பத்தின தகவலோட முடியுது.

அத்தைகிட்ட இருந்து "வேலை கிடைச்சிருச்சாமே, ரொம்ப பெருமையா இருக்கு கண்ணு"ன்னு வருது. இங்க "தேங்க்ஸ்"னு போட்டா "நமக்குள்ள என்னடா தேங்க்ஸ்"னு திட்டு விழும். சொந்தத்துல நன்றி சொல்றது சில வீட்ல தூரத்தைக் காட்டும். "ரொம்ப சந்தோஷம் அத்தை. பிளஸ் டூ அப்போ உங்க வீட்ல தங்கிப் படிச்சதுதான் ஞாபகம் வருது. ஞாயித்துக்கிழமை வந்து நேர்ல எல்லாம் சொல்றேன்." அத்தைக்கு வேண்டியது கம்பெனி பேரோ சம்பளமோ இல்ல, நாம அவங்களை மறக்கலங்கறதுதான். கேட்காத பட்சத்துல பேக்கேஜ் எவ்வளவுன்னு பதில்ல சேர்க்காதீங்க.

கிளாஸ் குரூப் இன்னும் சிக்கலானது. வேலை கிடைச்சவங்களுக்கு வாழ்த்து மழை கொட்டும்போது, அதே குரூப்ல மூணு இன்டர்வியூ முடிச்சும் கிடைக்காத ஃப்ரெண்டும் படிச்சுக்கிட்டு இருப்பான். அன்னைக்கு ஒரு பையன் ஒவ்வொரு வாழ்த்துக்கும் தனித்தனியா பதில் போட்டு, நடுவுல "எதிர்பார்த்ததுதான்"னு ஒரு வரியும் போட்டான். எதிர்பார்த்ததுதான்னா மத்தவங்க எதிர்பார்க்கலையா? அவன் அப்படி நினைச்சு எழுதல, ஆனா படிச்சவங்களுக்கு அப்படித்தான் பட்டுச்சு. குரூப்ல ஒரே ஒரு பதில் போதும். "எல்லாருக்கும் ரொம்ப தேங்க்ஸ். ராத்திரி ஆப்டிடியூட் கிளாஸ் எடுத்த நம்ம ரூம் பசங்களுக்கு ஸ்பெஷல் தேங்க்ஸ். அந்த நோட்ஸ் என்கிட்ட இருக்கு, வேணும்னா ரூமுக்கு வாங்க." அதுக்கப்புறம் வர்ற வாழ்த்துக்கு ஒரு ஹார்ட் ரியாக்‌ஷன் போட்டா போதும். தனியா பேச வேண்டியவங்ககிட்ட தனி சாட்ல பேசிக்கலாம்.

இன்னொரு வகை மெசேஜும் வரும். முன்னப்பின்ன தெரியாத ஒருத்தர் டிபியைப் பார்த்துட்டு அழகைப் பத்தி எழுதுவார். படிக்கும்போதே சங்கடமா இருக்கும். இந்த நாலு காரியமும் அங்க பொருந்தாது. பதில் சொல்லணும்னு கட்டாயமே இல்ல. சொல்லித்தான் ஆகணும்னா "நன்றி"ன்னு ஒரு வார்த்தை. முன்னாடி மூடின கதவுன்னு சொன்னேன்ல, அந்தக் கதவு இங்க பயன்படும்.

பாராட்டு தப்பா இருந்தா?

சில சமயம் பாராட்டு உண்மையைவிடப் பெருசா வரும். "முழு கோடும் நீங்கதான் எழுதினீங்களாமே அக்கா, செம்ம!" ஆனா கோடு எழுதினது டீம்ல இருக்கிற இன்னொரு பொண்ணு. இங்க "தேங்க்ஸ்"னு மட்டும் சொன்னா அது திருட்டு. "ஐயோ நான் ஒண்ணுமே பண்ணல"ன்னு சொன்னா அதுவும் பொய், ஹார்டுவேர் முழுக்க நீங்கதான் பண்ணியிருக்கீங்க.

குறைச்சுச் சொல்றது வேற, திருத்திச் சொல்றது வேற. குறைச்சுச் சொல்றதுல நாம செஞ்சதை இல்லன்னு சொல்றோம். திருத்திச் சொல்றதுல யார் எதைச் செஞ்சாங்கன்னு சரியா சொல்றோம். "பிடிச்சிருந்துச்சுன்னு கேட்க சந்தோஷமா இருக்கு. ஆனா கோடு என் டீம்மேட் எழுதினது, நான் ஹார்டுவேர் பக்கம். அவகிட்டயும் சொல்லு, சந்தோஷப்படுவா." முதல் வரியில அந்தப் பொண்ணோட அன்பை ஏத்துக்கிறோம், ரெண்டாவது வரியில தகவலைத் திருத்துறோம், மூணாவது வரியில பாராட்டு சேர வேண்டிய இடத்துக்கு வழி காட்டுறோம். வரிசை முக்கியம். திருத்தத்தை முதல்ல போட்டா, பாராட்டினவங்களுக்கு ஏதோ தப்பு பண்ணிட்ட மாதிரி ஆயிடும்.

நம்ம வேலையில நிஜமாவே ஒரு குறை இருந்து, அது எதிராளியைப் பாதிக்கும்னா அதையும் சொல்லலாம். ஆனா எதுன்னு தெளிவா சொல்லணும். "மூணாவது ஸ்லைடுல ரெசிஸ்டர் மதிப்பு தப்பா போட்டுட்டேன், 220 ஓம்னு திருத்திக்கோ" அப்படின்னா அது உதவி. "பாதி தப்பு"ன்னா அது பணிவும் இல்ல, தகவலும் இல்ல. எந்தப் பாதின்னு தெரியாம ஒருத்தன் ரெண்டு பக்கத்துக்குக் கேள்விக்குறி போடுவான்.

பதில் சரியா போச்சான்னு எப்படித் தெரியும்?

அவங்களோட அடுத்த மெசேஜைப் பாருங்க, அதுலயே விடை இருக்கு.

"இல்ல இல்ல அண்ணா, நிஜமாவே நல்லா இருந்துச்சு"ன்னு வந்தா, நீங்க பாராட்டைத் தட்டி விட்டுட்டீங்கன்னு அர்த்தம். பாவம், அவங்க ரெண்டாவது தடவை பாராட்ட வேண்டியதா போச்சு. அடக்கம்னு நினைச்சுப் பண்றது, வெளியில இருந்து பார்த்தா இன்னும் கொஞ்சம் புகழச் சொல்லிக் கேட்கிற மாதிரி ஆயிடுது. அப்படி வந்தா மறுபடி மறுக்காதீங்க. "சரி சரி, ஒத்துக்கிறேன். ரொம்ப சந்தோஷம்"னு முடிச்சிடுங்க.

"ஓகே அண்ணா"ன்னோ வெறும் தம்ஸ்-அப்போ வந்தா ரெண்டு அர்த்தம் இருக்கலாம். பேச்சு இயல்பா முடிஞ்சிருக்கலாம், இல்லன்னா நீங்க கதவை மூடியிருக்கலாம். அவங்க முதல் மெசேஜ் நீளமா இருந்து ரெண்டாவது இப்படி சுருங்கிப் போச்சுன்னா, பெரும்பாலும் மூடினது நீங்கதான். "ஹா ஹா, ஆமா ஆமா"ன்னு வந்து நின்னுபோச்சுன்னா, கொஞ்சம் அதிகமா அளந்துட்டோமான்னு நம்ம பதிலை ஒரு தடவை திரும்பப் படிக்கலாம்.

அவங்க தங்களைப் பத்தி ஏதாவது புதுசா சொன்னாங்கன்னா பதில் நல்லா போயிருக்கு.

நான் அந்தத் தம்பிக்கு லேட்டாத்தான் சரியான பதில் அனுப்பினேன். லேட் ஆனாலும் அனுப்பலாம். "லேட்டா சொல்றேன்"னு ஒரு வரி சேர்த்தா போதும், அதுக்கு மேல மன்னிப்புக் கேட்டு நீட்ட வேண்டாம். லேப் வாசல்ல பார்த்த அன்னைக்கு ராத்திரியே எழுதினேன்: "தம்பி, நீ அன்னைக்கு அனுப்பின மெசேஜுக்கு லேட்டா சொல்றேன், ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு. நான் சொன்னதுல எதுவும் தப்பு இல்ல, சும்மா கூச்சத்துல அப்படி எழுதிட்டேன். பவர் ஆஃப் பண்ணிட்டுத்தான் டெஸ்ட் பண்ணணும், அதை அப்படியே வெச்சுக்கோ. இப்போ என்ன பண்ணிட்டிருக்கே?"

பத்து நிமிஷத்துல பதில் வந்துச்சு. ஹாஸ்டல் டேங்க் நிரம்பினா பஸ்ஸர் அடிக்கிற மாதிரி ஒண்ணு பண்றானாம், பிரெட்போர்டுல ஓடுது, சால்டர் பண்ணின போர்டுல ஓட மாட்டேங்குதாம். கூடவே ஒரு போட்டோ. போர்டோட பின்பக்கம். மூணாவது ஜாயின்ட்டைப் பார்த்த உடனே தெரிஞ்சுது, டிரை சால்டர்.

"பேட்டரியைக் கழட்டிட்டு அந்த மூணாவது ஜாயின்ட்ல பீப் டெஸ்ட் பண்ணிப் பாரு"ன்னு அனுப்பினேன்.

"பீப் வரல அண்ணா!!!"ன்னு பதில் வந்துச்சு. ஒரு கனெக்‌ஷன் விட்டுப்போனதுக்கு அவ்வளவு சந்தோஷப்பட்டவனை நான் பார்த்ததில்ல.